ஏஐ சுருக்கம் எங்கே நழுவுகிறது? சரிபார்க்க எந்த வழி உதவும்?

ஏஐ எழுதிய சுருக்கத்தில் பச்சைப் பொய் இருந்தால் பெரிய கவலை இல்லை, அது கண்ணில் பட்டுவிடும். தொல்லை கொடுப்பது வேறு வகை. பெயர் சரியாக இருக்கும், எண் சரியாக இருக்கும், நடையும் சரளமாக இருக்கும். ஆனால் மூலக் கட்டுரை சொன்னது அதுவாக இருக்காது. 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகியிருக்கும். ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போயிருக்கும். கடைசிப் பத்தியில் இருந்த எச்சரிக்கை காணாமல் போயிருக்கும்.

இதைப் பிடிக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. மூலத்தோடு சொல் ஒற்றுமையைக் கணக்கிடலாம். ஒரே கட்டுரைக்குப் பல சுருக்கங்கள் வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிடலாம். சரிபார்ப்பதற்கென்றே பயிற்றுவித்த இன்னொரு ஏஐ மாதிரியிடம் விடலாம். இல்லையென்றால் நாமே வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம். நான்கையும் ஒரே சின்னப் பத்தியில் ஓட்டிப் பார்த்தால் எது எதைப் பிடிக்கிறது, எது எதை விடுகிறது என்பது தெளிவாகும். கீழே உள்ள பத்தியும் அதன் மூன்று சுருக்கங்களும் இதற்காக நானே எழுதியவை. ஆனால் இவற்றில் உள்ள பிழைகள் எல்லாம் ஏஐ சுருக்கங்களில் வழக்கமாக வருபவைதான்.

> மூலம்: மாலையில் நடப்பவர்களுக்குத் தூக்கம் மேம்படக்கூடும் என்கிறது ஒரு சிறிய ஆய்வு. 60 வயதைத் தாண்டிய 48 பேர் 12 வாரங்கள் இதில் கலந்துகொண்டனர். நடந்த குழுவின் 24 பேரில் 15 பேர் தூக்கம் மேம்பட்டதாகத் தெரிவித்தனர். நடக்காத குழுவின் 24 பேரில் 9 பேர் அவ்வாறே தெரிவித்தனர். மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்த தூக்க நேரத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. 'முடிவு ஊக்கம் தருகிறது, ஆனால் இதை மட்டும் வைத்து யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்' என்றார் ஆய்வில் பங்கேற்காத மருத்துவர் ஒருவர்.

> சுருக்கம் அ: மாலை நடை முதியவர்களின் தூக்கத்தை மேம்படுத்துகிறது. 48 பேரிடம் 12 வாரங்கள் நடத்திய ஆய்வில், நடந்தவர்களில் 15 பேரின் தூக்கம் மேம்பட்டது.

> சுருக்கம் ஆ: 60 வயதைத் தாண்டியவர்களில் மாலையில் நடந்த குழுவின் 24 பேரில் 15 பேர் தூக்கம் மேம்பட்டதாகத் தெரிவித்தனர். மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்த தூக்க நேரமும் இதை உறுதி செய்தது. இதை மட்டும் வைத்துப் பரிந்துரைக்க மாட்டோம் என்றனர் ஆய்வாளர்கள்.

> சுருக்கம் இ: மாலை நடைக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறது ஒரு சிறிய ஆய்வு. நடக்கும்போது உடல் வெப்பநிலை மாறுவதால் உறக்கம் எளிதாக வருகிறது. ஆனால் கருவிப் பதிவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

முதலில் சொல் ஒற்றுமை. சுருக்க ஆராய்ச்சியில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல் ரூஜ். 2004இல் சின்-யூ லின் முன்வைத்தது. சுருக்கத்துக்கும் மனிதர் எழுதிய மாதிரிச் சுருக்கத்துக்கும் பொதுவான சொற்களும் சொற்றொடர்களும் எத்தனை என்று எண்ணுவதுதான் அதன் அடிப்படை. மாதிரிச் சுருக்கம் கையில் இல்லாதபோது மூலத்தோடே ஒப்பிட்டு எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. நம் மூன்றில் அப்படி எண்ணினால் முன்னணியில் வருவது ஆ. மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்து அடுக்கியிருக்கிறது அல்லவா? 'மணிக்கட்டில் கட்டிய கருவி பதிவு செய்த தூக்க நேரம்' வரை எல்லாம் மூலச் சொற்கள். 'உறுதி செய்தது' என்ற இரண்டே சொற்களில் பொருள் தலைகீழாகிவிட்டது. எண்ணிக்கையில் இரண்டு சொல் என்பது ஒன்றுமே இல்லை. நாணயமாக 'இருக்கலாம்' என்று தன் சொற்களில் சொன்ன இ, முதல் வாக்கியத்திலேயே மதிப்பெண் இழக்கும்.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 'தூக்கம்', 'தூக்கத்தை', 'தூக்கத்துக்கும்' மூன்றும் இந்தக் கணக்கில் வெவ்வேறு சொற்கள். போதாததற்கு, பலரும் பயன்படுத்தும் பைத்தான் தொகுப்பான `rouge_score`, இயல்பு அமைப்பில் ஆங்கிலச் சிறு எழுத்துகளையும் இலக்கங்களையும் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்கும். தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்தால் எண்கள் மட்டும் மிஞ்சும், எண்ணே இல்லாவிட்டால் மதிப்பெண் 0. சொற்பிரிப்பானை நாமே எழுதிக் கொடுத்தால் இது தீரும். அதன் பிறகும் ஆ போன்றதுதான் முன்னால் நிற்கும். விலகலைக் கண்டுபிடிக்க இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. சுருக்கம் மூலத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

இதே குடும்பத்தில் ஒரு சின்னக் கருவியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். சுருக்கத்தில் உள்ள, மூலத்தில் இல்லாத எண்களைக் காட்டும் நான்கு வரிகள்:

```python
import re
def nums(t):
    return set(re.findall(r"\d+(?:\.\d+)?", re.sub(r"(?<=\d),(?=\d)", "", t)))
print(nums(summary) - nums(source))
```

புதிய எண் ஏதாவது வந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். சில நேரம் நியாயமான கணக்காக இருக்கும்: 24 பேரில் 15 பேரை ஒரு சுருக்கம் 62.5 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் எதுவும் வராததால் சுருக்கம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அ, ஆ, இ மூன்றையும் இதில் ஓட்டினால் மூன்றுக்கும் விடை `set()`, அதாவது குறை எதுவும் இல்லை. ஆனால் அ-வைப் படிப்பவர் 15ஐ எதனோடு சேர்ப்பார்? பக்கத்தில் இருக்கும் எண் 48. 24இல் 15 என்பது பாதிக்கு மேல். 48இல் 15 என்பது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. எண் அப்படியே இருக்க, அதன் வகுக்கும் எண் மட்டும் மாறிவிட்டது. நடக்காத குழுவின் 9 பேரையும் சேர்த்துத் தூக்கிவிட்டதால், ஒப்பிட எதுவுமே இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது வழி, ஒரே கட்டுரைக்கு மூன்று நான்கு முறை சுருக்கம் வாங்கி அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது. மாதிரி கற்பனை செய்த விவரம் ஒவ்வொரு முறையும் வேறுபடும், மூலத்திலிருந்து எடுத்தது நிலைத்து நிற்கும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். 2023இல் வந்த செல்ஃப்செக்ஜிபிடி என்ற முறை இந்த எண்ணத்தில் கட்டப்பட்டதுதான். மூலத்தைத் திறக்காமலே சந்தேக இடங்கள் தெரிந்துவிடும் என்பது இதன் கவர்ச்சி. நம் மூன்றையும் அடுக்கினால் கருவிப் பதிவு விஷயத்தில் ஆ-வும் இ-யும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒன்றாவது தவறு என்பது உடனே தெரிகிறது. உடல் வெப்பநிலை இ-யில் மட்டும் வருகிறது, அதுவும் சந்தேகப்பட வேண்டிய இடம்.

ஆனால் மூட்டுவலி உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை என்ற வரி மூன்றிலும் இல்லை. மூன்றும் சேர்ந்து விட்டதை அவற்றை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எல்லாச் சுருக்கங்களும் ஒரே பக்கம் சாயும்போது ஒப்பீடு அதை 'உறுதியானது' என்று காட்டும். இது அபூர்வம் அல்ல. 2025இல் யூவ பீட்டர்ஸும் பெஞ்சமின் சின்-யீயும் வெளியிட்ட ஆய்வில், 10 மொழி மாதிரிகள் அறிவியல் கட்டுரைகளுக்கு எழுதிய 4,900 சுருக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான மாதிரிகள் மூலத்தைவிட அகலமான முடிவுகளை எழுதின. வல்லுநர்கள் எழுதிய சுருக்கங்களோடு வைத்துப் பார்த்தபோது, மாதிரிகள் இப்படி மிகைப்பொதுமை செய்யும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. 'துல்லியமாக எழுது' என்று கட்டளையில் சேர்த்தபோது இது குறையவில்லை, கூடியது. ஆகவே விலகலில் ஒரு பகுதி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் தற்செயல், இன்னொரு பகுதி ஒரே திசையில் இழுக்கும் சாய்வு. பல சுருக்கங்களை ஒப்பிடுவது முதல் வகையைப் பிடிக்கும், இரண்டாவதற்குக் குருடு.

மூன்றாவது வழி சரிபார்க்கும் மாதிரிகள். மூல வாக்கியத்திலிருந்து சுருக்க வாக்கியம் பெறப்படுமா, முரண்படுமா, இரண்டும் இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் மாதிரிகள் உண்டு. இவை முதலில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒப்பிடப் பயிற்றுவிக்கப்பட்டவை. முழுக் கட்டுரையை ஒரு பக்கம் கொட்டினால் தடுமாறும். மூலத்தை வாக்கியங்களாக வெட்டி, ஒவ்வொரு சுருக்க வாக்கியத்தையும் எல்லா மூல வாக்கியங்களோடும் பொருத்தி, அதிலிருந்து மதிப்பெண்ணைத் தொகுத்தால் நன்றாக வேலை செய்கிறது என்று 2022இல் சம்மாக் என்ற முறை காட்டியது. ஆ-வின் 'உறுதி செய்தது' இதில் மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. மூலத்தில் அதற்கு எதிரான ஒரு வாக்கியமே இருக்கிறது. 'ஆய்வாளர்கள்' என்ற ஆள் மாறாட்டம் மாட்டுமா என்பது சந்தேகம்தான். பெரும்பாலான சொற்கள் பொருந்திவிட்டால் இந்த மாதிரிகள் மென்மையாகிவிடும்.

இந்த நாட்களில் பலர் செய்வது இன்னும் எளிது. வேறொரு பெரிய மொழி மாதிரியிடம் மூலத்தையும் சுருக்கத்தையும் கொடுத்து 'சரியா?' என்று கேட்பது. அப்படிக் கேட்டால் பாராட்டுப் பத்திரம்தான் கிடைக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரமான மூல வாக்கியத்தை எழுத்து மாறாமல் எடுத்துத் தரச் சொல்லி, அந்த மேற்கோளை மூலத்தில் `Ctrl+F` போட்டுத் தேடுவதுதான் உருப்படியான முறை. தேடலில் வராத மேற்கோள் புனையப்பட்டது. வந்த மேற்கோளும் கூற்றைத் தாங்குகிறதா என்பதை நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழிகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குறை உண்டு. சுருக்கத்தில் இருப்பதை நம்பலாமா என்று மட்டுமே இவை கேட்கின்றன. மூலத்தில் இருந்தது சுருக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மூட்டுவலி வரி அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

நான்காவது, கையால் செய்வது. மெதுவானதுதான், ஆனால் என் வாக்கு இதற்கே. செய்யும் வரிசை முக்கியம்: மூலத்தை முதலில் படிக்க வேண்டும், சுருக்கத்தை அல்ல. சுருக்கத்தை முதலில் படித்தால் மூலத்தில் அதைத்தான் கண் தேடும், கிடைத்த மாதிரியும் தோன்றும். மூலத்தைப் படித்து முடித்ததும், சுருக்கத்தைத் திறக்கும் முன், மூன்று நான்கு கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள். நம் பத்திக்கு நான் எழுதுபவை இவை: யாரை ஆராய்ந்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை? எதோடு ஒப்பிட்டார்கள்? எப்படி அளந்தார்கள்? முடிவை யார், எவ்வளவு உறுதியோடு சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சுருக்கத்தை மட்டும் பார்த்து விடை சொல்லிப் பாருங்கள். அ-விடம் 'எதோடு ஒப்பிட்டார்கள்' என்று கேட்டால் விடை இல்லை. 'யாரைச் சேர்க்கவில்லை' என்றால் மூன்றுமே மௌனம். விட்டதெல்லாம் பிழை என்று சொல்ல முடியாது, சுருக்கம் என்றாலே எதையாவது விட்டாக வேண்டும். ஆனால் அதை விட்டதால் வாசகர் தவறான முடிவுக்கு வருவாரா என்பதை இங்கே தீர்மானிக்கலாம். 9 பேரை விட்டது பிழை. மூட்டுவலியை விட்டது, யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்தது எதிர்த் திசை. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கூற்றுகளாக உடைக்க வேண்டும். அ-வின் இரண்டாம் வாக்கியத்தில் நான்கு கூற்றுகள் இருக்கின்றன: ஆய்வு 48 பேரிடம் நடந்தது, 12 வாரங்கள் நடந்தது, நடந்தவர்களில் 15 பேரைப் பற்றிய செய்தி இது, அவர்களின் தூக்கம் மேம்பட்டது. முதல் மூன்றுக்கும் மூலத்தில் விரல் வைக்க இடம் உண்டு. நான்காவதற்கு விரல் வைக்கப் போனால் 'மேம்பட்டதாகத் தெரிவித்தனர்' என்று இருக்கிறது. உடைக்காமல் முழு வாக்கியமாகப் படித்தால், முதல் மூன்றும் சரியாக இருப்பதே நான்காவதற்கும் சான்றிதழ் கொடுத்துவிடும்.

தமிழில் எழுதிய சுருக்கத்தைச் சரிபார்ப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விலகலில் பெரும்பகுதி வினைமுற்றின் வாலில் நடக்கிறது. 'மேம்படக்கூடும்', 'மேம்படலாம்', 'மேம்பட்டதாகத் தெரிவித்தனர்', 'மேம்பட்டது', 'மேம்படுத்துகிறது': இந்த ஐந்தையும் வரிசையாகப் படித்தாலே உறுதி படிப்படியாக ஏறுவது தெரியும். கடைசிப் படிதான் ஆபத்தானது. 'மேம்பட்டது' என்பது தானாக நடந்தது, 'மேம்படுத்துகிறது' என்றால் நடைதான் அதைச் செய்தது. தன்வினை பிறவினை ஆகும் அந்த ஒரு '-த்து-' காரண காரியத்தை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. குறைந்தது/குறைத்தது, கூடியது/கூட்டியது, மாறியது/மாற்றியது என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். ஆகவே சுருக்கத்தில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் மூலத்தின் வினைமுற்றைப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். அவசரத்தில் வேறெதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்வேன். மூலம் ஆங்கிலத்தில் இருந்து சுருக்கம் தமிழில் வந்தால் இன்னும் கவனம் வேண்டும், மொழி தாண்டும்போது இந்த வால்கள்தான் முதலில் உதிர்கின்றன. 'என்றார்', 'என்கிறது', 'ஆம்' போன்றவையும் அப்படித்தான். அவை உதிர்ந்தால் ஒருவரின் கருத்து உலகறிந்த உண்மை ஆகிவிடும்.

இ-யின் வெப்பநிலை வரி வேறு வகை. உடைத்துப் பார்த்தால் மூலத்தில் அதற்கு இடமே இல்லை. உலகில் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் இந்தக் கட்டுரை அதைச் சொல்லவில்லை. 2020இல் மெய்னஸும் சக ஆய்வாளர்களும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்: மூலத்தில் உள்ளதைத் திரிப்பது ஒன்று, மூலத்துக்கு வெளியிலிருந்து சேர்ப்பது இன்னொன்று. எக்ஸ்சம் என்ற தரவுத் தொகுப்பில் பயிற்சி பெற்ற அன்றைய மாதிரிகளின் ஒற்றை வாக்கியச் சுருக்கங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் பிழைகளில் ஒன்றாவது இருந்தது. காரணம் சுவையானது. அந்தத் தொகுப்பு பிபிசி செய்திகளின் முதல் வாக்கியத்தைச் சுருக்கமாகவும், மீதியைக் கட்டுரையாகவும் எடுத்துக்கொண்டது. முதல் வாக்கியத்தில் வரும் முழுப் பெயரும் ஊரும் பல நேரம் மீதியில் இருப்பதில்லை. ஆக, கட்டுரையில் இல்லாததைச் சேர்ப்பதும் சுருக்கும் வேலையில் அடக்கம் என்றே மாதிரி கற்றுக்கொண்டது. இன்றைய மாதிரிகள் அதைவிடத் தேவலை. ஆனாலும் தெரிந்த விவரத்தைத் தானாகச் சேர்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

நீளமான கட்டுரை என்றால் கூற்றுகளை உடைக்கும்போது இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கூற்றும் மூலத்தின் எத்தனையாவது பத்தியிலிருந்து வந்தது? எல்லாம் முதல் கால்வாசியிலிருந்தே வந்திருந்தால், கருவி மீதியைப் படிக்கவே இல்லை என்று சந்தேகப்பட இடமுண்டு. பார்ட் போன்ற பழைய மாதிரிகள் 1,024 டோக்கன்களுக்கு, அதாவது சொல் துண்டுகளுக்கு, மேல் வாங்காது, அதற்குமேல் உள்ளது வெட்டப்பட்டுவிடும். தமிழ்ச் சொல் ஒன்றே பல டோக்கன்களாக உடைவதால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். நீளமான உள்ளீட்டை வாங்கும் புதிய மாதிரிகளும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தரும் கவனத்தை நடுப்பகுதிக்குத் தருவதில்லை என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? வெளியிடப் போகும் சுருக்கம், அல்லது அதை நம்பி யாராவது முடிவெடுக்கப் போகும் சுருக்கம் என்றால் கைவழிதான். கேள்விகள் முதலில், கூற்றுகள் பிறகு. நம் அ போன்ற இரண்டு வாக்கியச் சுருக்கத்துக்கு, மூலத்தைப் படித்த நேரம் போக, ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு நூறு சுருக்கம் வருகிறது என்றால் அப்படி முடியாது. அப்போது எண் சோதனையை எல்லாவற்றிலும் ஓட்டி, சரிபார்க்கும் மாதிரி முரண் என்று சொன்னவற்றையும் இரண்டு ஓட்டங்களில் வேறுபட்டவற்றையும் ஒதுக்கி, அவற்றைக் கையால் பார்க்க வேண்டும். அதோடு, எந்தச் சோதனையிலும் சிக்காத சுருக்கங்களிலிருந்தும் பத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்ப்பது அவசியம். அ போன்றவை அந்தக் குவியலில்தான் கிடக்கும்.

பிழை கண்ட சுருக்கத்தைத் திருத்தச் சொல்லித் திரும்ப ஏஐயிடமே கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சுட்டிய வாக்கியத்தோடு சுட்டாத வாக்கியங்களும் மாறி வரும். அ-வில் 'மேம்படுத்துகிறது' தவறு என்று சொன்னால், 'மேம்படக்கூடும்' என்று திருத்திய கையோடு, முன்பு இல்லாத ஒரு மருத்துவர் பரிந்துரையையும் சேர்த்துக் கொண்டுவரலாம். திருத்தி வந்ததைப் பழையதோடு `diff` போட்டு, மாறிய வரிகளை மட்டுமாவது மறுபடி மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஒரு வினைமுற்றைத் திருத்த இவ்வளவு சுற்றுவதற்குப் பதில், நான் அதைக் கையாலேயே மாற்றிவிடுகிறேன்.